மார்பு எக்ஸ்ரேயில் இதய அளவும் நுரையீரல் கஞ்செஷனும்: புதிய மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மூச்சு வாங்குகிறது என்று வந்த நோயாளியின் எக்ஸ்ரேயைக் கையில் எடுத்ததும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டும். இதயம் பெரிதாகியிருக்கிறதா? நுரையீரலில் கஞ்செஷன் இருக்கிறதா? புதிதாக வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் இவை இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இதயம் பெரிதாகத் தெரிந்தால் உடனே ‘இதயச் செயலிழப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். இதயம் சின்னதாகத் தெரிந்தால் நுரையீரலில் உள்ள வெண்மையை நிமோனியா என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இரண்டுமே நோயாளிக்கு ஆபத்தானவை. இதய அளவுக்கு ஒரு பதில், கஞ்செஷனுக்குத் தனியாக இன்னொரு பதில், கடைசியில்தான் இரண்டையும் சேர்த்து யோசிப்பது என்ற வரிசையை இங்கே சொல்கிறேன்.

முதலில் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று பாருங்கள்

அளவுகோலை எடுப்பதற்கு முன் இந்த வேலையை முடிக்க வேண்டும். நின்றுகொண்டு எடுக்கும் பி.ஏ. படத்தில் கதிர் முதுகு வழியாக உள்ளே போய் மார்பு வழியாக வெளியே வருகிறது. நோயாளியின் மார்பு டிடெக்டரை ஒட்டி இருக்கும். கதிர்க் குழாய் சுமார் 180 செ.மீ. தள்ளி இருக்கும். இதயம் மார்பின் முன்பக்கம் இருப்பதால் அதன் நிழல் கிட்டத்தட்ட உண்மையான அளவிலேயே விழும். படுக்கையில் எடுக்கும் ஏ.பி. படத்தில் எல்லாமே தலைகீழ். டிடெக்டர் முதுகுக்குக் கீழே, கதிர்க் குழாயும் சுமார் 100 செ.மீ. தூரத்தில். டார்ச்சுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் சுவரில் விழும் நிழல் பெரிதாவது போல, டிடெக்டரிலிருந்து விலகி, கதிருக்கு அருகில் வந்துவிட்ட இதயமும் பெரிதாகத் தெரியும்.

படத்தில் ‘AP’ அல்லது ‘PORTABLE’ என்று குறித்திருப்பார்கள். குறிக்கவில்லை என்றால் தோள்பட்டை எலும்புகளைப் பாருங்கள். பி.ஏ. படத்தில் நோயாளி தோளை முன்னே தள்ளி நிற்பதால் அவை நுரையீரலை விட்டு விலகியிருக்கும். ஏ.பி.யில் நுரையீரலின் மேலேயே விழுந்திருக்கும்.

அடுத்தது மூச்சு. எந்தப் படத்தைப் பார்த்தாலும் நான் விலா எலும்புகளை எண்ணாமல் விடுவதில்லை. வலது உதரவிதானத்துக்கு மேலே, காறை எலும்பின் நடுப்பகுதிக்கு நேர்கீழே, முன்பக்க விலா எலும்புகள் ஆறாவது தெரிய வேண்டும். பின்பக்க விலா எலும்புகள் என்றால் ஒன்பது அல்லது பத்து. நான்கு முன்விலா மட்டுமே தெரிகிறது என்றால் நோயாளி முழுதாக மூச்சை இழுக்கவில்லை என்று அர்த்தம். உதரவிதானம் மேலே ஏறி இதயத்தைக் குறுக்காகப் படுக்க வைத்துவிடும்; அதனால் இதயம் அகன்று தெரியும். நுரையீரலின் அடிப்பகுதியில் ரத்தக் குழாய்கள் நெருக்கியடித்துக்கொண்டு வெண்மையாகத் தெரியும். ஆக, மூச்சை விட்ட நிலையில் எடுத்த ஒரே படம், பெரிய இதயம், கஞ்செஷன் என்ற இரண்டு பொய்களையும் ஒன்றாகச் சொல்லிவிடும். இந்த எண்ணும் வேலையை அதனால்தான் வலியுறுத்துகிறேன்.

நோயாளி திரும்பியிருக்கிறாரா என்பதைக் காறை எலும்புகளின் உள்முனைகள் சொல்லும். இரண்டும் நடுவிலுள்ள ஸ்பைனஸ் பிராசஸிலிருந்து சம தூரத்தில் இருந்தால் சரி. இல்லாவிட்டால் இதயத்தின் ஓரங்களை நம்ப முடியாது. ஒரு பக்க நுரையீரல் மற்றதைவிடக் கருப்பாகவும் தெரியும்.

இதயத்தை அளப்பது

பி.ஏ. படம், நல்ல மூச்சு, திரும்பல் இல்லை என்றால் அளக்கலாம். முதுகெலும்பின் ஸ்பைனஸ் பிராசஸ்கள் வழியாக நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து இதயத்தின் வலது ஓரம் அதிகமாகத் துருத்தியிருக்கும் இடம் வரை ஓர் அளவு. இடது ஓரம் அதிகமாகத் துருத்தியிருக்கும் இடம் வரை இன்னோர் அளவு. இவை இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது, இருக்கவும் வேண்டாம். இரண்டையும் கூட்டினால் இதயத்தின் குறுக்களவு. பிறகு மார்பின் அகலம் அதிகமாக உள்ள இடத்தில், ஒரு பக்க விலா எலும்பின் உள்ளோரத்திலிருந்து மறுபக்க உள்ளோரம் வரை அளந்து, முதல் எண்ணை இதால் வகுக்க வேண்டும். விலாவின் வெளியோரத்திலிருந்து அளப்பதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு; அப்படி அளந்தால் விகிதம் குறைந்துவிடும்.

பெரியவர்களுக்கு பி.ஏ. படத்தில் இந்த விகிதம் 0.5-ஐத் தாண்டினால் இதயம் பெரிது என்கிறோம். பிறந்த குழந்தைக்கு 0.6 வரை இயல்பாக இருக்கலாம் என்பதால் பெரியவர்களின் எல்லையை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

0.51 என்று வந்தால் நோய், 0.49 என்று வந்தால் நலம் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. இதயத்தின் இடது ஓரத்தில், நுனியருகே கொழுப்புத் திண்டு இருந்தால் இதயம் அகன்று தெரியும். மார்பெலும்பு உள்வாங்கியிருந்தால் இதயம் இடது பக்கம் தள்ளப்பட்டுப் பெரிதாகத் தெரியும். கர்ப்பத்தாலோ, உடல் பருமனாலோ, வயிற்றில் நீர் கோத்ததாலோ உதரவிதானம் உயர்ந்திருந்தாலும் இதே கதைதான். எதிர்த்திசையில், எம்ஃபிசிமா உள்ளவரின் நுரையீரல் உப்பி மார்புக்கூடு விரிந்து, இதயம் ஒல்லியாகத் தொங்கும். அவருடைய 0.48 மற்றவர்களின் 0.48 இல்லை. அந்த இதயம் உண்மையில் வீங்கியதாகவே இருக்கலாம். அதனால் ஒற்றை எண்ணைவிட, அதே நோயாளியின் பழைய படத்தோடு ஒப்பிடுவதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரே மாதிரி எடுத்த இரண்டு படங்களில் இதயத்தின் குறுக்களவு ஒரு சென்டிமீட்டருக்குள் மாறியிருந்தால், அது மூச்சாலும் இதயத்துடிப்பின் கட்டத்தாலும் வந்திருக்கலாம். அதைத் தாண்டிப் போனால் கவனியுங்கள்.

சரி, ஏ.பி. படம் மட்டும்தான் இருக்கிறது என்றால்? அது இதயத்தைப் பெரிதாக்கித்தான் காட்டும், சிறிதாக்கிக் காட்டாது. ஆகவே நுரையீரல் உப்பாத ஒருவரின் ஏ.பி. படத்திலேயே விகிதம் 0.5-க்குக் கீழே இருந்தால் இதயம் பெரிதில்லை என்று துணிந்து சொல்லலாம். 0.5-க்கும் 0.6-க்கும் இடையில் வந்தால் ‘ஏ.பி. படம், இதய அளவைச் சொல்ல இயலாது’ என்று எழுதுவதே நேர்மையானது. இப்படி எழுதுவதில் குறைவு ஒன்றும் இல்லை. மூச்சுத் திணறும் நோயாளியை நல்ல படத்துக்காக எக்ஸ்ரே அறைக்கு நடக்கவைப்பதும் தேவையில்லை. இதய அளவு காலையில் தெரிந்தாலும் போதும். கஞ்செஷன்தான் இப்போதே தெரிய வேண்டும்.

கஞ்செஷனைத் தேடுவது

இடது ஏட்ரியத்தில் அழுத்தம் ஏறினால் அது பல்மனரி வெயின்களுக்குப் பின்னோக்கிப் போகிறது. அழுத்தம் கூடக் கூட நுரையீரலில் மூன்று கட்டங்கள் வரிசையாகத் தெரியும். பல்மனரி கேப்பிலரி வெட்ஜ் அழுத்தம் இயல்பாக 12 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கும். 13 முதல் 18 வரை மேல் குழாய்கள் பருக்கும். 18 முதல் 25 வரை நுரையீரலின் இடைத்திசுவில் நீர் கசியும். 25-ஐத் தாண்டினால் காற்றறைகளே நிரம்பும். தீவிரமாக, திடீரென்று அழுத்தம் ஏறியவர்களுக்கு இது ஓரளவு பொருந்தும். நாள்பட்ட இதயச் செயலிழப்பு உள்ளவர்களின் நிணநீர்க் குழாய்கள் விரிந்து நீரை வடித்துக்கொண்டே இருப்பதால், அழுத்தம் 25-க்கு மேல் இருக்கும்போதும் படம் தெளிவாக இருக்கலாம்.

முதல் கட்டத்தைப் பார்க்க, ஹைலத்திலிருந்து மேலே எவ்வளவு தூரமோ கீழேயும் அதே தூரத்தில் உள்ள குழாய்களை ஒப்பிடுங்கள். நிற்பவருக்குப் புவியீர்ப்பால் கீழ்க் குழாய்கள்தான் தடிமனாக இருக்கும். மேலும் கீழும் சமமாகிவிட்டாலோ, மேலே உள்ளவை தடித்துவிட்டாலோ ரத்தம் மேல்நோக்கித் திருப்பப்படுகிறது. ஆனால் படுத்திருப்பவருக்குப் புவியீர்ப்பின் இந்த வேறுபாடே இல்லை. எல்லோருக்கும் மேல் குழாய்கள் பருத்துத்தான் தெரியும். எனவே படுக்கைப் படத்தில் இந்த அடையாளத்தைத் தேடவே வேண்டாம். நின்ற படத்திலும் இதை மட்டும் வைத்துக் கஞ்செஷன் என்று எழுத மாட்டேன்.

இரண்டாவது கட்டத்தில்தான் நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் உறுதியான ஆதாரம் கிடைக்கும். திரையில் படத்தைப் பெரிதாக்கி, வலது காஸ்டோஃப்ரீனிக் கோணத்துக்குச் சற்று மேலே, விலா எலும்பை ஒட்டிய ஓரத்துக்குப் போங்கள். இடது பக்கத்தில் இதயம் இடைஞ்சல் செய்யும் என்பதால் வலதில் தொடங்குவது எளிது. ப்ளூராவுக்குச் செங்கோணத்தில் உள்ளே நீளும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய, ஒன்று இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய கிடைக்கோடுகள் தெரிகிறதா? அவைதான் கெர்லி பி கோடுகள். நுரையீரலைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் தடுப்புகளில் நீர் நிறைந்து தடித்துவிட்டதால் தெரிபவை.

அவை ரத்தக் குழாய் இல்லை என்று எப்படிச் சொல்வது? இரண்டு சோதனைகள் போதும். குழாய்கள் நுரையீரலின் வெளி ஓரத்துக்கு, கடைசி ஒரு சென்டிமீட்டர் வரை, கண்ணுக்குத் தெரியும்படி வருவதில்லை. கெர்லி பி கோடுகள் ப்ளூராவைத் தொட்டே நிற்கும். குழாய்கள் கிளை பிரியும், மெலிந்துகொண்டே போகும். இந்தக் கோடுகள் கிளை பிரிவதில்லை. ஒரு எச்சரிக்கை: நிணநீர் வழியாகப் பரவிய புற்றுநோயிலும் சில நுரையீரல் இடைத்திசு நோய்களிலும் இதே கோடுகள் வரும். அவை டையூரெடிக் கொடுத்தாலும் போகாது.

அதே கட்டத்தின் மற்ற அடையாளங்களும் பக்கத்திலேயே இருக்கும். ஹைலத்துக்கு அருகே குறுக்குவெட்டாக, வட்டமாகத் தெரியும் மூச்சுக்கிளைக் குழலின் சுவர் மெல்லிய கோடாக இருப்பதற்குப் பதில் தடித்து, ஓரம் கலங்கித் தெரியும். ஹைலத்தின் குழாய்களின் ஓரங்களும் மங்கிவிடும். வலது பக்க மைனர் ஃபிஷர் பென்சில் கோடு போல இல்லாமல் தடித்திருக்கும். கூடவே காஸ்டோஃப்ரீனிக் கோணங்கள் மழுங்கியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். நின்ற பி.ஏ. படத்தில் கோணம் மழுங்க ஏறக்குறைய 200 மி.லி. நீராவது சேர வேண்டும்.

மூன்றாவது கட்டத்தை யாரும் தவறவிட மாட்டார்கள்: ஹைலத்திலிருந்து இருபுறமும் விரியும் ‘பேட் விங்’ வெண்மை. தவறவிடுவது அது ஒரு பக்கம் மட்டும் வரும்போதுதான். பேப்பிலரி தசை அறுந்து மைட்ரல் வால்வு திடீரென்று கசியும்போது, பின்னோக்கிப் பாயும் ரத்தம் வலது மேல் பல்மனரி வெயினை நோக்கி அடிக்கும். வலது மேல் மடல் மட்டும் வெளுத்து, பார்ப்பதற்கு அப்படியே நிமோனியா போல இருக்கும். இதய அளவும் இயல்பாகவே இருக்கும். காய்ச்சல் இல்லை, திடீரென்று தொடங்கியது, ஈ.சி.ஜி. மாறியிருக்கிறது என்றால் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து மர்மர் கேளுங்கள். ஆனால் இதில் மர்மர் மெலிதாகவோ கேட்காமலோ போகலாம், அதனால் எக்கோவைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டு பதில்களையும் சேர்ப்பது

பெரிய இதயம், கூடவே கஞ்செஷன் என்றால் சிக்கல் குறைவு. பெரும்பாலும் இதயச் செயலிழப்பு, அல்லது சிறுநீரகம் செயலிழந்து உடலில் நீர் ஏறிய நிலை. கஷ்டம் மற்ற இரண்டு சேர்க்கைகளில்தான்.

இதயம் பெரிது, நுரையீரல் தெளிவு என்றால் மருந்தால் கட்டுப்பட்ட கார்டியோமயோபதியாக இருக்கலாம். ஆனால் நிழல் உருண்டு திரண்டு, ஓரங்கள் கூர்மையாக, பழைய படத்தைவிடச் சட்டென்று பெரிதாகியிருந்தால் பெரிகார்டியல் எஃப்யூஷனை முதலில் நினையுங்கள். 200 மி.லி. அளவுக்கு மேல் சேர்ந்த பிறகுதான் நிழல் பெருக்கும் என்பதால், வேகமாகச் சேரும் சிறிய எஃப்யூஷன் இதயத்தை நசுக்கிக்கொண்டிருக்கும்போதும் நிழல் இயல்பாக இருக்கும். டாம்பனாடை எக்ஸ்ரேயை வைத்து விலக்கிவிட முடியாது.

இதயம் இயல்பு, நுரையீரலில் கஞ்செஷன் என்றால் விரிவடைய இதயத்துக்கு நேரம் கிடைக்கவில்லை என்று பொருள்: புதிய மாரடைப்பு, திடீர் வால்வுக் கசிவு, ரத்த அழுத்தம் எகிறியது. மைட்ரல் ஸ்டெனோசிஸிலும் மொத்த அளவு இயல்பாக இருந்து கஞ்செஷன் மட்டும் தெரியலாம்.

இரண்டுமே இயல்பாக இருந்தாலும் நோயாளியைத் திருப்பி அனுப்பக் காரணம் ஆகாது. அவசரப் பிரிவுக்குத் தீவிர இதயச் செயலிழப்போடு வருபவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவரின் படத்தில் கஞ்செஷன் தெரிவதில்லை.

ஒரு நோயாளியின் மூன்று படங்கள்

58 வயதுப் பெண்மணி. பல வருடமாக ரத்த அழுத்தம். இரண்டு நாளாகப் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே தூங்குகிறார். இரவில் படுக்கையில் சாய்ந்த நிலையில் ஏ.பி. படம் எடுக்கப்பட்டது. ஐந்து முன்விலாக்கள்தான் தெரிகின்றன. இதயத்தின் குறுக்களவு 16.8, மார்பின் அகலம் 28.4, விகிதம் 0.59. இந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டு அடிப்பகுதிகளும் வெண்மையாக இருக்கின்றன, ஆனால் பெண்களுக்கு மார்பகத்தின் நிழலே அப்படித் தெரியும், மூச்சும் குறைவு. அதையும் ஓரமாக வைக்கிறோம்.

வலது அடி ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறோம். ப்ளூராவைத் தொட்டபடி நான்கைந்து கிடைக்கோடுகள், கிளை இல்லை. ஹைலத்தின் குழாய்கள் கலங்கியிருக்கின்றன. மைனர் ஃபிஷர் தடித்திருக்கிறது. இவற்றில் எதையும் ஏ.பி. கோணமோ மார்பக நிழலோ உண்டாக்க முடியாது. இரவு எழுத வேண்டியது இவ்வளவுதான்: ‘ஏ.பி. படம், மூச்சு குறைவு. இதய அளவைச் சொல்ல இயலாது. இடைத்திசு நீர்த்தேக்கம் உள்ளது.’ சிகிச்சையைத் தொடங்க இது போதும்.

காலையில் மூச்சு சற்றுத் தெளிந்ததும் நின்ற பி.ஏ. படம். ஆறு முன்விலாக்கள், திரும்பல் இல்லை. நடுக்கோட்டிலிருந்து வலப்பக்கம் 4.2, இடப்பக்கம் 11.3, மொத்தம் 15.5 செ.மீ. மார்பு 28.0. விகிதம் 0.55. எட்டு மாதங்களுக்கு முன் எடுத்த பி.ஏ. படத்தில் 13.6-க்கு 28.2, அதாவது 0.48. மார்பின் அகலம் மாறவில்லை, இதயம் 1.9 செ.மீ. வளர்ந்திருக்கிறது. இது மூச்சு வித்தியாசத்தால் வரும் அளவு இல்லை. இப்போதுதான் ‘இதயம் பெரிதாகியுள்ளது, புதிதாக’ என்று எழுதலாம். விரிந்தது இதய அறைகளா, சுற்றியுள்ள நீரா என்பதை எக்ஸ்ரே பிரித்துச் சொல்லாது என்பதால் எக்கோ கேட்கிறோம். இவருக்கு இடது வென்ட்ரிக்கிள் விரிந்திருந்தது, எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் 30 சதவீதம், பெரிகார்டியத்தில் நீர் இல்லை.

மூன்றாம் நாள் படம்தான் குழப்பும். அவர் தட்டையாகப் படுத்துத் தூங்குகிறார், உடல் எடை மூன்று கிலோ குறைந்திருக்கிறது, ஆக்சிஜன் தேவையில்லை. படத்திலோ வலது அடியில் கெர்லி கோடுகள் இன்னும் மெலிதாகத் தெரிகின்றன. டையூரெடிக் டோஸைக் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள். அழுத்தம் இறங்கிய பிறகும் இடைத்திசுவில் சேர்ந்த நீர் வடிய மணிக்கணக்கிலிருந்து நாள்கணக்கு வரை ஆகும்; படம் நோயாளிக்குப் பின்னால்தான் வரும். இந்த நேரத்தில் எடை, சிறுநீர் அளவு, கழுத்து வெயின், கிரியேட்டினின் ஆகியவற்றை வைத்துத்தான் டோஸை முடிவு செய்ய வேண்டும். இரண்டு மூன்று வாரம் கழித்தும் கோடுகள் அப்படியே இருந்தால் மட்டும் மைட்ரல் வால்வையும் நுரையீரல் இடைத்திசுவையும் மறுபடி நினைத்துப் பார்த்து, மார்பு சி.டி.க்கு எழுதுங்கள்.